ஏசி சர்வீஸ் கடை: எந்த அழைப்புகளைச் சாட்பாட்டிடம் விடலாம்?

மதுரைக்காரன்:
வணக்கம். மதுரையில் ஏசி சர்வீஸ் கடை நடத்துகிறேன். மெக்கானிக்குகள் நான்கு பேர். போன் எடுப்பதற்கு ஒரே ஒரு பெண். வெயில் காலத்தில் அவர் ஒருவரிடம் பேசி முடிப்பதற்குள் இரண்டு மூன்று அழைப்புகள் தவறிப்போகின்றன. ஒரு வாரத்துக்கு வந்த அழைப்புகளை நோட்டில் வகைபிரித்து எழுதச் சொன்னேன். ஏறக்குறைய 200 அழைப்புகளில் 80 அழைப்புகள் மெக்கானிக் எப்போது வருவார் என்று கேட்பவை. புதிதாகப் பதிவு செய்வோர் 45, கட்டணம் விசாரிப்போர் 35, செய்த வேலை சரியில்லை என்போர் 25, மற்றவை சில்லறை. அதிகம் வருவது முதல் வகை என்பதால், அதையே முதலில் வாட்ஸ்அப் சாட்பாட்டிடம் ஒப்படைக்கலாமா? போனில் எண்ணை அழுத்தித் தெரிவு செய்ய வைக்கும் ஐவிஆரும் தேவைப்படுமா?

கணினிப்பித்தன்:
நான்கையுமே பாட்டிடம் கொடுத்துவிடலாம். கட்டணப் பட்டியலை ஏற்றிவிட்டால் 35 அழைப்புகள் அடியோடு போய்விடும். குளிர்ச்சி இல்லை என்பவரிடம் ஃபில்டரைக் கழுவினீர்களா, ரிமோட் கூல் மோடில் இருக்கிறதா என்று பாட்டே கேட்டால் புகார்களிலும் பாதி குறையும்.

நீர்வடிகட்டி:
நான் ஆர்ஓ இயந்திரங்களைப் பராமரிக்கிறேன். ஆண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க நினைவூட்டுவதற்கு ஐவிஆர் நன்றாக உதவுகிறது. நீங்கள் கேட்பது அதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் ஏழு தெரிவுகளை வைத்தபோது வயதானவர்கள் எதையும் அழுத்தாமல் காத்திருந்தார்கள். பிறகு இரண்டாகக் குறைத்து, எதையும் அழுத்தாதவரின் அழைப்பு நேராக ஆளிடம் போகும்படி மாற்றினோம்.

அழைப்பகத்தில் இருந்தவர்:
எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். அந்த 80 பேரின் கேள்விக்கான விடை இப்போது எங்கே இருக்கிறது? எந்த வீட்டில் வேலை இழுக்கிறது என்பது மெக்கானிக்குக்கு மட்டுமே தெரியும். பாட்டுக்கு அது தெரியாததால், விரைவில் வருவார் என்றுதான் சொல்லும். அதைப் படித்தவர் உடனே போன் செய்வார். ஆகவே இந்த வகைக்கு வேண்டியது பதில் சொல்லும் பாட் அல்ல, கேள்வியே எழாமல் செய்யும் செய்தி. முந்தைய மாலையே முற்பகலா பிற்பகலா என்று தெரிவித்துவிட்டு, மெக்கானிக் முந்தைய வீட்டிலிருந்து கிளம்பும்போது இன்னொரு செய்தி அனுப்புங்கள். மென்பொருளிலிருந்து தானாகச் செய்தி போக உதவும் வாட்ஸ்அப் ஏபிஐ வழியாக அனுப்புவதென்றால், வாடிக்கையாளர் கடைசியாக எழுதி 24 மணி நேரம் கடந்தபின் முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற டெம்ப்ளேட் செய்தியை மட்டுமே அனுப்ப முடியும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டுக்கு மிகவும் பொருந்துவது புதிய பதிவுதான். தெரு, ஸ்ப்ளிட்டா விண்டோவா, எந்த நிறுவனத்தின் ஏசி, ஸ்டிக்கரின் படம் ஆகியவற்றை அது பொறுமையாகக் கேட்டு வாங்கிவிடும். நேரத்தை மட்டும் அது உறுதி செய்யக்கூடாது. அந்தப் பெண் பார்த்து உறுதி செய்யட்டும்.

ஃபில்டர் கேள்வியை நண்பர் சொன்னது சரிதான், ஆனால் புதிதாக வருபவரிடம் மட்டுமே அதைக் கேட்கலாம். போன வாரம் பணம் கொடுத்துச் சர்வீஸ் செய்தவரிடம் ஃபில்டரைக் கழுவச் சொன்னால் கோபம்தான் மிஞ்சும். சமீபத்தில் வேலை செய்து கொடுத்த எண்ணிலிருந்து வரும் அழைப்பும், கருகிய வாடை என்று வரும் செய்தியும் நேராக ஆளிடம் போக வேண்டும். இரண்டாவதில், ஏசிக்கு மின்சாரம் தரும் எம்சிபி சுவிட்சை அணைக்கச் சொல்லும் ஒரு வரியை மட்டும் பாட் உடனே அனுப்பலாம்.

கணினிப்பித்தன்:
அப்படியானால் கட்டணம்? இரவு பத்து மணிக்கு விலை கேட்பவர் பதில் கிடைக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

அழைப்பகத்தில் இருந்தவர்:
சாதாரண சர்வீஸ், கழற்றி மாட்டுதல் ஆகியவற்றுக்குத் தாராளமாகச் சொல்லலாம். கேஸ் நிரப்புவதற்குச் சொன்னால் சிக்கல். ஆர்22, ஆர்32, ஆர்410ஏ ஆகியவை ஒரே விலையல்ல. கசிவு எங்கே என்று பார்க்காமல் நிரப்பினால் மீண்டும் இறங்கிவிடும். பாட் எழுதிய தொகையை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவைத்து வாசலில் காட்டுவார்கள்.

மதுரைக்காரன்:
கடைசியாகச் சொன்னது வாய்வழி விலைக்கே நடக்கிறது. கிளம்பும்போது செய்தி அனுப்புவது சரியென்றே படுகிறது, ஆனால் கையில் அழுக்கோடு நிற்கும் மெக்கானிக் போனைத் தொடமாட்டார், மறந்தும்விடுவார்.

அழைப்பகத்தில் இருந்தவர்:
நாள் முழுவதற்குமான முகவரிகளைக் காலையிலேயே மொத்தமாகக் கொடுக்காதீர்கள். முதல் வேலை முடிந்தது என்று அவர் போனில் சொன்னபிறகே அடுத்த முகவரியைக் கொடுங்கள். அதை அனுப்பும்போதே வாடிக்கையாளருக்கும் செய்தி போய்விடும். பாட்டைத் தொடங்கியபின் அது முடித்துவைத்ததாகக் காட்டும் எண்ணிக்கையையும் நம்பிவிடாதீர்கள். சலித்துப் பாதியில் விட்டவரும் அதில் சேர்ந்திருப்பார். பாட்டோடு பேசிய எண்ணிலிருந்தே மறுநாளுக்குள் போன் வந்ததா என்று பாருங்கள்.

நீர்வடிகட்டி:
முகவரியை ஒவ்வொன்றாகக் கொடுத்தால் எங்கள் ஆட்கள் ஒப்புக்கொள்வதில்லை. எந்தத் தெருவை முதலில் முடிப்பது என்று அவர்களே திட்டமிடுகிறார்கள்; அதில் பெட்ரோலும் மிச்சமாகிறது.

மதுரைக்காரன்:
எங்கள் ஆட்களும் அதையே சொல்வார்கள். புதிய பதிவை மட்டும் பாட்டிடம் கொடுத்துவிட்டு, முகவரி முறையை இரண்டு மெக்கானிக்குகளிடம் பார்க்கிறேன். கேஸ் விலையைப் பாட் சொல்லாமல், பார்வைக் கட்டணத்தை மட்டும் சொன்னால் இரவில் கேட்பவர் நிற்பாரா? அப்படி யாராவது வைத்திருந்தால் எழுதுங்கள்.