புதுப்பிப்பு: கார்த்திகைச் சரமும் பவர்பேங்க் கணக்கும்

"கரண்ட் போனால் 20,000 எம்ஏஎச் பவர்பேங்கில் யுஎஸ்பி சீரியல் லைட் எவ்வளவு நேரம் எரியும்?"

நேற்று கடலூரில் மழையோடு கரண்ட் போனது, சோதித்துவிட்டேன். "20,000-ஐ ஒரு சரம் இழுக்கும் 500 மில்லிஆம்பியரால் வகுத்தால் 40 மணி நேரம்" என்றார் நண்பர். வகுப்பது சரி, ஆனால் அந்த 20,000 உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கானது. ஆக 74 வாட்-மணி; 5 வோல்ட்டாக மாறும் இழப்பு போக சுமார் 60. ஒரு சரத்துக்கு 2.5 வாட்; நான் செருகியது இரண்டு சரம், ஆக 5 வாட் என்றால் 12 மணி நேரம். மாலை ஆறரைக்குப் போட்டது விடிகாலை ஐந்தரை வரை எரிந்தது.

திண்ணையில் பத்து விளக்குக் குட்டிச் சரத்தைத் தனியாகச் செருகினால் மட்டும் அரை நிமிடத்தில் அணைந்தது. சரம் பழுதில்லை என்றார் எலக்ட்ரீஷியன் அண்ணன்: இழுக்கும் மின்சாரம் மிகக் குறைந்தால், போன் சார்ஜ் நிறைந்துவிட்டதென்று பவர்பேங்க் நிறுத்திக்கொள்ளுமாம். பக்கத்துத் துளையில் பெரிய சரத்தையும் செருகியதும் நின்று எரிந்தது. எந்த அளவுக்குக் கீழே அணைகிறது என்பதை இன்னும் அளக்கவில்லை.

ஃபிரிட்ஜ் ஓடுமா என்று கேட்ட அக்கா, இதில் ஓடாது. அதற்கு இன்வெர்ட்டர் கணக்கு வேறு.