அப்பத்தாவுக்கு ஆக்ஸிஜன் 88ஆ, 98ஆ?

உசிலம்பட்டிப் பேரன்

அப்பத்தாவுக்கு நாலைந்து நாளாகச் சளி, இருமல். ஊரில் சித்தப்பா மகன்தான் துணைக்கு இருக்கிறான். நேற்று ராத்திரி விரலில் மாட்டுகிற ஆக்ஸிமீட்டரை வைத்து, அதைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டான். கறுப்புத் திரை, சிவப்பு எண்கள். இடப்பக்கம் 88, வலப்பக்கம் 86. இடப்பக்கம் இருப்பதுதான் ஆக்ஸிஜன் என்று எல்லோருக்கும் கொரோனா காலத்திலேயே பழகிவிட்டது. கோயம்புத்தூரில் இருக்கும் பெரியப்பா மகன் பார்த்தார். "88தான் இருக்கு, உடனே மதுரைக்குக் கொண்டு போங்கடா" என்று போன். கார் சொல்லியாயிற்று.

வேடிக்கை என்னவென்றால், அப்பத்தா அந்த நேரம் இட்லி சாப்பிட்டுக்கொண்டு "யாருக்குடா கார்?" என்று கேட்டுக்கொண்டிருந்ததாம். பக்கத்துத் தெருவில் இருக்கும் கிராம செவிலியர் அக்கா வந்து அதே மெஷினை வைத்தார். ஆக்ஸிஜன் 98, நாடி 88. காரைத் திருப்பி அனுப்பிவிட்டோம். பத்து நிமிடத்தில் 88 எப்படி 98 ஆகும்? மெஷின் கெட்டுப்போனதா?

மேலூர் ராசா

மருதாணிதான் காரணம். எங்கள் வீட்டில் கல்யாணத்துக்கு வைத்த மருதாணியோடு அத்தைக்குப் பார்த்தோம், மெஷின் சரியாகவே காட்டவில்லை. அப்பத்தா விரலைப் பாருங்கள்.

உசிலம்பட்டிப் பேரன்

வலக்கையில் மருதாணி இருக்கிறது, அண்ணே. ஆனால் செவிலியர் அக்கா வைத்ததும் அதே விரலில்தான்.

அண்ணாநகர் டெக்னீஷியன்

ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுது பார்ப்பது என் தொழில். தம்பி, ஒரு வேலை செய்யுங்கள். அந்தப் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

உசிலம்பட்டிப் பேரன்

அடக் கடவுளே. இடப்பக்கம் 98, வலப்பக்கம் 88. ஓரத்தில் மங்கலாக %SpO2 என்று எழுத்து நேராகத் தெரிகிறது!

அண்ணாநகர் டெக்னீஷியன்

அதேதான். இந்த விலை குறைந்த மெஷின்களில் எண்கள் ஏழு சின்னக் கோடுகளால் ஆனவை. தலைகீழாக்கினால் 8 அப்படியே 8. 9 என்பது 6 ஆகும், 6 என்பது 9 ஆகும். வரிசையும் மாறும். அதனால் 98 தலைகீழாக 86 என்று வாசிக்கும். இடமும் மாறிப்போவதால் நாடிக்கான 88 ஆக்ஸிஜன் இருக்க வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டது. உங்கள் அண்ணன் வாசித்தது அப்பத்தாவின் நாடியை.

அவர் மேல் குற்றமில்லை. நாடி வேறு எண்ணாக இருந்தால் பல நேரம் கண்டுபிடித்திருப்பார். நாடி 74 என்றால் தலைகீழில் எண்ணாகவே தெரியாது, 7 ஆங்கில L மாதிரி நிற்கும், 4 சின்ன h மாதிரி நிற்கும். ஆக்ஸிஜன் 95 ஆக இருந்தால் 56 என்று வரும், நாடியின் இடத்தில் நிற்பதால் அதுவும் நாடி மாதிரியே தெரியும். 96 தலைகீழிலும் 96தான், ஆனால் இடம் மாறுவதால் அதுவும் நாடி மாதிரியே தெரியும். தலைகீழிலும் 88 ஆகவே நிற்கும் எண் நாடியாக வந்ததுதான் வினை. எண்கள் சற்று வலப்பக்கம் சாய்ந்திருக்குமே, அதை வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்று நினைப்பீர்கள். முடியாது. முழுசாகத் திருப்பினாலும் சாய்வு அப்படியேதான் இருக்கும்.

நம்ப வேண்டியது ஆக்ஸிஜனுக்கு %SpO2, நாடிக்கு PRbpm என்று அச்சடித்த எழுத்தை மட்டும். ராத்திரியில் எடுத்தால் சிவப்பு வெளிச்சம் பளீரென்று விழுந்து அந்த எழுத்தே மறைந்துவிடும். கட்டிலுக்கு எதிரே நின்று எடுத்திருப்பான் பையன். அவனுக்கு நேராகத் தெரிந்ததா, அப்பத்தாவுக்கு நேராகத் தெரிந்ததா என்பது மெஷினுக்கு மெஷின் மாறும்.

திருமங்கலம் கணேசன்

எனக்கும் இதே பயம்தான். என் அப்பாவுக்கு நேற்று 62 காட்டியது. அவர் நன்றாகத்தான் நடமாடுகிறார். உடனே சேர்க்க வேண்டுமா?

ஓய்வுபெற்ற நர்ஸம்மா

இன்னொரு எண் என்ன காட்டியது?

திருமங்கலம் கணேசன்

97. அது நாடி என்று நினைத்தேன்.

ஓய்வுபெற்ற நர்ஸம்மா

97தான் ஆக்ஸிஜனாக இருக்கும், 62 நாடி. எழுத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள், அதோடு மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் நாடியை எண்ணுங்கள். 62-க்குப் பக்கத்தில் வந்தால் சந்தேகம் தீர்ந்தது.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், வார்டில் நாங்கள் முதலில் செய்வது இதுதான். ரத்தம் துடித்துத் துடித்து விரலுக்கு வருகிறதல்லவா, அந்தத் துடிப்பைப் பிடித்துக்கொண்டுதான் மெஷின் ஆக்ஸிஜனைக் கணக்குப் போடுகிறது. துடிப்பையே சரியாகப் பிடிக்காவிட்டால் ஆக்ஸிஜன் எண் வெறும் ஊகம். அதனால் கையால் எண்ணிய நாடி 90, மெஷின் 52 என்று சொன்னால், பக்கத்தில் இருக்கும் ஆக்ஸிஜன் எண்ணை நான் குறித்துக்கொள்ளவே மாட்டேன். ஐந்தாறு முன்பின் இருந்தால் பரவாயில்லை.

ஒரு தடவை ஒரு பெரியவருக்குத் திடீர் திடீரென்று 80-க்குக் கீழே இறங்கும், ஒரு நிமிடத்தில் 97-க்கு ஏறும். டியூட்டி டாக்டர் வரை கூப்பிட்டாயிற்று. பார்த்தால் ஆக்ஸிமீட்டர் மாட்டிய அதே கையில் ரத்த அழுத்தப் பட்டையும் கட்டியிருந்தது. பட்டை காற்றடைத்து இறுகும்போதெல்லாம் விரலுக்கு ரத்தம் நின்றுவிடும், மெஷின் உளறும். வீட்டில் இரண்டு மெஷினும் வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள், இரண்டு கையில் போடுங்கள்.

ஜில்லென்ற விரலுக்கும் இதே கதைதான். மார்கழி விடியலில், ஏசி அறையில், குளித்து வந்த உடனே பார்க்காதீர்கள். உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கி, கையை மடியில் வைத்து, மாட்டிய பிறகு எண் நிலைத்து நிற்கும்வரை ஒரு நிமிடமாவது பொறுங்கள். மாட்டியதும் முதலில் வருகிற எண்ணைப் படம் எடுத்து அனுப்புவதால்தான் பாதிக் குழப்பம்.

மேலூர் ராசா

அப்போ மருதாணி காரணமே இல்லையா?

ஓய்வுபெற்ற நர்ஸம்மா

உங்கள் அத்தைக்கு வைத்தது கோன் மருதாணியா?

மேலூர் ராசா

ஆமாம், கறுப்புக் கோன்.

ஓய்வுபெற்ற நர்ஸம்மா

அந்தக் கருநிறம் வெளிச்சத்தை மறிக்கும், கறுப்பு, நீல நகப் பாலிஷ் மாதிரியே. வீட்டில் அரைத்த சிவப்பு மருதாணியால் எனக்கு அவ்வளவு தொந்தரவு வந்ததில்லை. சந்தேகம் இருந்தால் மருதாணி இல்லாத விரலில் போட்டுப் பார்த்துவிட்டால் வாக்குவாதமே வேண்டாமே.

கொடைரோடு வாசி

நீங்கள் எல்லோரும் குறைத்துக் காட்டுவதையே பேசுகிறீர்கள். எங்களுக்கு நடந்தது நேர்மாறு. கொடைக்கானலில் நண்பர்களோடு தங்கியிருந்தோம். குளிர் தாங்காமல் கரி அடுப்பை அறைக்குள் கொண்டுவந்து வைத்து, ஜன்னலையும் சாத்திவிட்டார்கள். நடுராத்திரி எல்லோருக்கும் மண்டையிடி, ஒருவனுக்கு வாந்தி. மலை ஏறியதால் ஆக்ஸிஜன் குறைந்திருக்கும் என்று ஒருவன் பையிலிருந்து மெஷினை எடுத்தான். எல்லோருக்கும் 97, 98. "நல்லாத்தான் இருக்கு, படுங்கடா" என்றான். காவல்காரர் புகை வாசனைக்கு வந்து கதவை உதைத்துத் திறந்து வெளியே இழுத்துவிட்டார். இன்றுவரை எனக்கு அந்த 98-ன் மேல் கோபம்.

அண்ணாநகர் டெக்னீஷியன்

உயிர் தப்பியது பெரிய விஷயம். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்ஸிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். விரல் மெஷினில் இருப்பது சிவப்பு ஒன்றும் அகச்சிவப்பு ஒன்றுமாக இரண்டே வெளிச்சம். அந்த இரண்டை வைத்து எது ஆக்ஸிஜன், எது கரிவாயு என்று அதற்குப் பிரிக்கத் தெரியாது. இரண்டையும் கூட்டி 98 என்று சொல்லிவிடும். இதற்கு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துத்தான் பார்க்க வேண்டும். மூடிய அறையில் ஜெனரேட்டர் ஓடினாலும் இதே நிலைதான்.

இன்னொன்று. கொடைக்கானல் 2,000 மீட்டருக்கு மேலே. அந்த உயரத்தில் நல்ல உடம்புக்கே இரண்டு மூன்று புள்ளி குறைந்து காட்டுவது சகஜம். எல்லோருக்கும் மதுரையில் இருப்பதுபோல் 98 வந்தது எனக்கென்னவோ அப்போதே இடித்திருக்கும்.

பெருங்குடி ஆசிரியை

தோல் நிறத்தால் மாறும் என்று படித்தேனே, அதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே?

அண்ணாநகர் டெக்னீஷியன்

உண்மைதான். 2020 டிசம்பரில் அமெரிக்க ஆய்வு ஒன்று வந்தது. மெஷின் 92 முதல் 96 வரை காட்டியும் ரத்தப் பரிசோதனையில் 88-க்குக் கீழே இருந்தவர்கள், வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். அதாவது இருப்பதைவிடக் கூட்டிக் காட்டுகிறது. நம் ஊர் நிறத்துக்கு அப்படியே பொருத்தி "இத்தனை கழித்துக்கொள்" என்று கணக்குச் சொல்ல நான் தயாரில்லை. நான் என் அம்மாவுக்குச் செய்வது, நன்றாக இருக்கும் நாட்களில் வாரம் ஒருமுறை பார்த்து நோட்டில் எழுதுவது. அவருக்கு எப்போதும் 97 என்றால், காய்ச்சலில் 94 வந்தாலே கவனிப்பேன்.

ஓய்வுபெற்ற நர்ஸம்மா

நோட்டு நல்ல பழக்கம். ஆனால் எந்த எண் வந்தாலும், ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் முடிக்க முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, ஆளே தடுமாறுகிறார் என்றால் மெஷினோடு மல்லுக்கட்டாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். பேரன் சொன்ன அப்பத்தா இட்லி சாப்பிட்டுக்கொண்டே கேள்வி கேட்டது, அந்த 88-ஐச் சந்தேகப்படப் போதுமான காரணம். ஆனால் 88-ஐப் பார்த்து உடனே நேரில் ஆள் அனுப்பிச் சரிபார்த்ததும் சரிதான். சிலருக்கு உண்மையிலேயே குறைந்திருக்கும், முகத்தில் தெரியாது. கொரோனாவில் அப்படிப் பலரைப் பார்த்தோம்.

உசிலம்பட்டிப் பேரன்

இனி படம் வேண்டாம், அரை நிமிட வீடியோ எடு என்று தம்பியிடம் சொல்லியாயிற்று. ஊரில் சிக்னல் ஒரு கோடுதான், வீடியோ போவதற்குள் விடிந்துவிடும் என்கிறான்.

அண்ணாநகர் டெக்னீஷியன்

சரி, அப்படியானால் எண்ணை வாயால் சொல்லி ஒலிப்பதிவு அனுப்பச் சொல்லுங்கள்: ஆக்ஸிஜன் இவ்வளவு, மெஷினில் நாடி இவ்வளவு, கையில் எண்ணியது இவ்வளவு. படமும் அனுப்பத்தான் வேண்டும் என்றால் மெஷினின் மேல் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுங்கள். பொட்டு மேலே இருந்தால் படம் நேர். இரண்டு மூன்று படம் எடுக்கச் சொல்லுங்கள். இந்த எல்இடி எண்கள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து எரிபவை, கேமரா அணைந்த நொடியில் கிளிக்கினால் 8-ல் ஒரு கோடு விடுபட்டு 6 ஆகவோ 9 ஆகவோ பதிவாகும்.

பெருங்குடி ஆசிரியை

எங்கள் வீட்டு மெஷினில் பட்டனை அழுத்தினால் திரையே சுற்றிக்கொள்கிறது, எழுத்தும் சேர்ந்து திரும்புகிறது. அதற்குப் பொட்டு எங்கே ஒட்டுவது?

அண்ணாநகர் டெக்னீஷியன்

அதற்குப் பொட்டு வேண்டாம், டீச்சர். எழுத்து திரையிலேயே வருவதால் எண்ணோடு சேர்ந்தே தெரியும். எழுத்தை விட்டு எண்ணை மட்டும் வெட்டி அனுப்பாமல் இருந்தால் போதும்.