அமோனியா ரியூப் ஒரு நாள் 10, மறுநாள் 40 காட்டுகிறது: எதை நம்புவது?

குருநகர் ஐஸ்: வணக்கம். எங்கள் ஐஸ் தொழிற்சாலையின் கொம்பிரசர் அறையில், நிறம் மாறும் கண்ணாடிக் குழாயான ரியூப்பினூடாகக் கைப்பம்பால் காற்றை இழுத்து அமோனியாவை அளந்தேன். திங்கட்கிழமை 10, நேற்று 40. கசிவு கூடிவிட்டதா? விரைவாகப் பதில் தேவை, உள்ளே ஆட்கள் வேலை செய்கிறார்கள்.

வலிகாமம்: எந்த வீச்சுக்குரிய ரியூப், எத்தனை இழுவை, பம்பும் ரியூப்பும் ஒரே கம்பனியா? இவை தெரியாமல் எவராலும் பதில் சொல்ல முடியாது.

பழைய மெக்கானிக்: நாற்பது வருடத் தொழிலில் நான் ரியூப் வாங்கியதில்லை. கந்தகத் திரியைக் கொளுத்தி மூட்டுகளின் அருகே பிடியுங்கள், வெண்புகை எழுந்தால் அங்கேதான் கசிவு. மூக்கே போதும், தம்பி.

ஆய்வுகூடம்: திரி கசியும் இடத்தைக் காட்டும், ஆட்கள் சுவாசிக்கும் காற்றில் எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்டாது. மூக்கோ சிறிது நேரத்தில் மணத்துக்குப் பழகிவிடும்.

அச்சகம்: எங்களிடம் தின்னர் மணம். இதே ரியூப் உதவுமா?

ஆய்வுகூடம்: உதவாது. ஒவ்வொரு வாயுவுக்கும் தனி ரியூப்.

குருநகர் ஐஸ்: பம்பும் ரியூப்பும் ஒரே கம்பனி. அளவுகோல் ஓர் இழுவைக்கு என்று அச்சிட்டிருக்கிறது. திங்கட்கிழமை ஒருமுறை இழுத்து உடனே கழற்றினேன். நேற்று நிறம் தெளிவாக வரட்டும் என்று இருமுறை இழுத்தேன்.

ஆய்வுகூடம்: விடை இதிலேயே இருக்கிறது. கைபிடியை இழுத்துப் பூட்டியதும் 100 மில்லிலீற்றர் காற்றும் உள்ளே வந்துவிடுவதில்லை. குழாயினூடாக அது மெதுவாகவே, ஏறக்குறைய ஒரு நிமிடம் எடுத்து வரும். பம்பின் முடிவுக் குறி தெரியுமுன் கழற்றினால் மீதி வெற்றிடத்தைக் குழாயினூடாக வராத காற்று நிரப்பிவிடும், வாசிப்புக் குறையும். ஆகவே திங்கட்கிழமையின் 10 கணக்கில் இல்லை. நேற்று இரட்டிப்புக் காற்று சென்றது. உறையிலுள்ள தாளில் இரண்டு இழுவைக்குரிய காரணி பாதி என்றிருந்தால், 40 என்பது 20 பிபிஎம்.

முதலில் முனை உடைக்காத ரியூப்பைச் செருகி, கைபிடியை இழுத்துப் பூட்டி, ஒரு நிமிடம் கழித்து மெதுவாக விடுங்கள். அது முழுதாகத் திரும்பாவிட்டால் பம்பே ஒழுகுகிறது. அடுத்து இரு முனைகளையும் உடைத்து, அம்புக்குறி பம்பை நோக்க, ஓர் இழுவை மட்டும்.

வலிகாமம்: மீன் அறை பக்கத்தில் இருந்தால், பழுதடையும் மீனின் அமீன்களும் இதே நிறமாற்றத்தைத் தரும். நான் கசிவு என்று நம்பமாட்டேன்.

பழைய மெக்கானிக்: பழைய கொம்பிரசரில் தண்டின் சீல் கசியாமல் இருக்காது. மீனைக் குற்றம் சொல்லாதீர்கள்.

ஆய்வுகூடம்: கொம்பிரசர் அருகிலும் மீன் அறை வாசலிலும் தனித்தனி ரியூப்பால் அளந்து ஒப்பிட்டால் ஓரளவு தெரியும்.

குருநகர் ஐஸ்: பம்ப் ஒழுகவில்லை. கொம்பிரசர் அருகே ஓர் இழுவையில் மஞ்சள் விளிம்பு சாய்வாக, ஒரு பக்கம் 18, மறுபக்கம் 26. எதை எடுப்பது?

ஆய்வுகூடம்: நடுப்புள்ளியை: 22. இவ்வகை ரியூப்பில் கால்பங்கு வரை பிழை இருக்கலாம். எனவே உண்மை அளவு 25ஐத் தாண்டியிருக்கவும் கூடும். எட்டு மணிநேரச் சராசரிக்குப் பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு 25. உங்கள் வாசிப்போ அந்த ஒரு நிமிடத்துக்குரியது. காற்றோட்டத்தைக் கூட்டி, ஆட்கள் நிற்கும் இடத்தில் வேலைநேரத்தில் பலமுறை அளவுங்கள்.

குருநகர் ஐஸ்: மீன் அறை வாசலில் 6. சீலைக் கழற்றிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். நன்றி.