தவாயில் வந்த மலேரியா, ரங்கூன் வீட்டில் எப்படித் திரும்ப வந்தது? உதவி வேண்டும்

செல்வி (ரங்கூன்)

எல்லோருக்கும் வணக்கம். என் தம்பி தவாய்ப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் வேலையில் இருந்தான். நள்ளிரவில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் போகிற வேலை, கொசுவுக்குத் தப்ப வழியே இல்லை. மழைக்காலக் கடைசியில் காய்ச்சல் வந்து, அங்கேயே விரலில் குத்திப் பார்த்து வைவாக்ஸ் மலேரியா என்றார்கள். குளோரோகுயின் மூன்று நாள், கூடவே பிரைமாகுயின் 14 நாள் என்று கொடுத்தார்கள். காய்ச்சல் சீக்கிரமே விட்டுவிட்டது. பிரைமாகுயினை ஐந்து நாள் சாப்பிட்டுவிட்டு வயிற்றைப் பிசைகிறது என்று நிறுத்திவிட்டான். அப்புறம் வேலையை விட்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டான்.

மருந்து தொடங்கி ஏழு வாரம் ஆகிறது. இப்போது மறுபடியும் ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் நடுக்கம், அதே மாதிரி. நாங்கள் இருப்பது நகர நடுவில் ஐந்தாம் மாடி, ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்திருக்கிறோம், தெருவில் யாருக்கும் மலேரியா கிடையாது. கடிக்காத கொசுவிலிருந்து காய்ச்சல் எப்படி வரும்? என் நான்கு வயதுக் குழந்தை அவன் தட்டிலேயே சாப்பிடுகிறது, அவளுக்குத் தொற்றுமா? பெரியவன் இன்னொன்று கேட்டான், எனக்குப் பதில் தெரியவில்லை: ரத்தத்திலேயே இவ்வளவு நன்றாகப் பெருகுகிற கிருமிக்குக் கொசு எதற்கு?

ராஜா (பெகு)

அக்கா, மருந்துதான் சரியில்லை. நம் ஊரில் போலி மாத்திரை எவ்வளவு ஓடியது என்று எல்லோருக்கும் தெரியும். அதோடு தவாய்ப் பக்கமே குளோரோகுயினுக்கு வைவாக்ஸ் சரியாக அடங்கவில்லை என்று ஆய்வு செய்தே சொல்லியிருக்கிறார்கள். ரத்தத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கும், அது மெல்லப் பெருகி இப்போது காட்டுகிறது. ஆர்ட்டிமிசினின் கலந்த மாத்திரைக்கு மாற்றச் சொல்லுங்கள், சரியாகிவிடும்.

மீனா (தட்டோன்)

செல்வி, வீட்டில் தண்ணீர் பிடித்து வைக்கிற டிரம் இருக்கிறதா? என் மகளுக்கு டெங்கு வந்தபோது அதிலிருந்துதான் வந்தது. மூடி போட்டு வையுங்கள், இரண்டு நாளைக்கு ஒரு தடவை தட்டணுக்கள் எவ்வளவு என்று பாருங்கள்.

சுப்பையா (மோல்மேன்)

மலேரியா கிளினிக்கில் பல வருடம் ஸ்லைடு பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன். மீனா சொல்வது டெங்குவுக்குச் சரி, ஆனால் அது வேறு கொசு, வேறு கிருமி. ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற நடுக்கம் டெங்குவின் போக்கு இல்லை.

ராஜா தம்பி சொன்ன போலி மருந்தும் எதிர்ப்பும் உண்மைதான். ஆனால் இங்கே நாள்கணக்கைப் பாருங்கள். ரத்தத்தில் மிச்சம் நின்ற கிருமியென்றால் பெரும்பாலும் நாலு வாரத்துக்குள்ளேயே தலைகாட்டிவிடும். குளோரோகுயின் உடம்பில் பல வாரம் தங்குவதால் முதலில் எழும்புகிற கிருமிகளை அது அடக்கிவிடுகிறது, அதன் வேகம் குறைந்ததும், அதாவது ஆறேழு வாரத்தில், காய்ச்சல் திரும்புவது வைவாக்ஸில் நாங்கள் அடிக்கடி பார்த்த கதை. புதுக் கொசு எதுவும் வேண்டியதில்லை. கிருமி அவர் கல்லீரலிலேயே இருந்திருக்கிறது.

கொசு கடிக்கும்போது அதன் எச்சிலோடு மெல்லிசாக நீண்ட கிருமிகள் தோலுக்குள் இறங்கி, ரத்தம் வழியாக ஒரு மணி நேரத்துக்குள் கல்லீரலைப் பிடித்துவிடும். அவற்றில் சில உடனே வேலையைத் தொடங்கி, எட்டு நாள் வாக்கில் ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்காகப் பெருகி வெடித்துச் சிவப்பணுக்களுக்குள் புகும். தம்பிக்கு முதலில் வந்த காய்ச்சல் அது. மற்றவை கல்லீரல் செல்லுக்குள் ஒற்றையாக, வளராமல் அப்படியே தூங்கிக் கிடக்கும். இந்தத் தூங்குகிற வடிவத்தை 1980களின் தொடக்கத்தில்தான் நுண்ணோக்கியில் தெளிவாகக் காட்டினார்கள். குளோரோகுயின் வேலை செய்வது சிவப்பணுவின் ஹீமோகுளோபினைத் தின்று செரிக்கிற கிருமியிடம். தூங்குகிறது அதைத் தின்பதே இல்லை, அதனால் மருந்து எவ்வளவு நல்ல சரக்காக இருந்தாலும் அதைத் தொடாது. ஆர்ட்டிமிசினினும் தொடாது ராஜா. விரலில் குத்தி எடுக்கும் சோதனையிலும் அது தெரியாது. அதைக் கொல்வதற்குத்தான் பிரைமாகுயின் கொடுத்தார்கள், தம்பி பாதியில் விட்டது அந்த மாத்திரையைத்தான்.

இனி உங்கள் பெரியவன் கேட்டது. ரத்தத்தில் கிருமி 48 மணி நேரத்துக்கு ஒரு தடவை தன்னையே பிரதி எடுத்துக்கொள்கிறது, ஆண் பெண் சேர்க்கை எதுவும் அங்கே இல்லை. எவ்வளவு பெருகினாலும் அது வெளியே வர வழியில்லை. எச்சிலிலோ இருமலிலோ அது வருவதில்லை, தட்டில் ஒட்டி இன்னொருவருக்குப் போவதும் இல்லை, ஆகவே குழந்தை அவரோடு சாப்பிடலாம். ரத்தத்தில் இருப்பவற்றில் கொஞ்சம் மட்டும் ஆண், பெண் வடிவமாக மாறும். மாறிய பிறகு அவை நம் உடம்பில் சேர முடியாது, வைவாக்ஸில் சில நாளில் செத்தும் போகும். கொசு உறிஞ்சினால்தான் அவற்றுக்கு வாழ்வு. 37 டிகிரியிலிருந்து சட்டென்று சூடு இறங்குவதும், கொசுவின் உடம்பில் இருக்கிற ஒரு அமிலமும் சேர்ந்து அவற்றைக் கிளப்பிவிடுகின்றன. கால் மணி நேரத்துக்குள் ஆண் வடிவம் எட்டுச் சாட்டைகளாகப் பிரிந்து துடித்துக்கொண்டு பெண்ணைத் தேடிப் போகும். இதை நானே பார்த்திருக்கிறேன், எடுத்த ரத்தம் கொஞ்சம் ஆறினால் ஸ்லைடிலேயே சில நேரம் நடக்கும். 1880இல் அல்ஜீரியாவில் லாவெரான் முதன்முதலில் மலேரியாக் கிருமியை உயிருள்ளது என்று நம்பியதே இந்தத் துடிப்பைப் பார்த்துத்தான்.

சேர்ந்தது கொசுவின் வயிற்றுச் சுவரைத் துளைத்து வெளிப்பக்கம் ஒரு கட்டியாக உட்காரும். 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் பார்த்தது இந்தக் கட்டியைத்தான். நம் ஊர்ச் சூட்டில் பத்துப் பன்னிரண்டு நாளில் அது முற்றி வெடித்து, உள்ளிருந்த ஆயிரக்கணக்கான கிருமிகள் எச்சில் சுரப்பிக்குப் போய்ச் சேரும். கல்லீரலைப் பிடிக்கத் தெரிந்தவை இவை மட்டும்தான். கொசுக்களில் பெரும்பாலானவை அதற்கு முன்பே செத்துப்போகின்றன, முட்டை வழியாகக் குஞ்சுக்கும் கிருமி போவதில்லை. ஆக, கொசுவை மட்டும் நம்பினால் அதோடு சேர்ந்து கிருமியும் முடிந்துவிடும். கொசு குறைந்த வறண்ட மாதங்களில் காத்திருக்க மனிதக் கல்லீரல், கலந்து புது வித்தாக வெளியேறக் கொசு, இரண்டும் வேண்டும்.

கண்ணன் (மாண்டலே)

ஐயா, இதில் எனக்கு ஒரு சந்தேகம். என் அத்தைக்குப் பிரசவத்தின்போது ரத்தம் ஏற்றினார்கள், அதிலிருந்தே மலேரியா வந்தது. ஊரை விட்டு வெளியே போனதே இல்லை. அப்படியென்றால் கொசு இல்லாமலே வருகிறதே? ஆனால் அவருக்குக் குளோரோகுயின் மட்டும் கொடுத்து, பிரைமாகுயின் வேண்டாம் என்றார்கள். அன்றைக்கு அது ஏன் என்று எங்களுக்கு விளங்கவே இல்லை.

சுப்பையா (மோல்மேன்)

வேண்டாம் என்று சொன்னது சரியான முடிவு. அத்தைக்குப் போனது ரத்த வடிவம், அது நேராகச் சிவப்பணுவுக்குத்தான் போகும், திரும்பிக் கல்லீரலுக்குப் போகத் தெரியாது. அதனால் தூங்குகிற கிருமி அவரிடம் உருவாகவே வழியில்லை, ரத்தத்தைச் சுத்தம் செய்தால் போதும். பிரசவம் ஆன நேரத்தில் பிரைமாகுயினைத் தேவையில்லாமல் கொடுப்பதும் நல்லதில்லை.

1917இல் வியன்னாவில் வாக்னர்-யௌரெக் என்ற மருத்துவர், சிபிலிஸ் மூளைக்கு ஏறிய நோயாளிகளுக்கு மலேரியா நோயாளியின் ரத்தத்தை வேண்டுமென்றே செலுத்திக் காய்ச்சலை வரவழைத்தார், அவர்களிடமிருந்து அடுத்தவருக்கும் ரத்தம் வழியாகவே கொண்டுபோனார்கள். அதற்கு 1927இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஒருவருக்குக் காய்ச்சல் வர மட்டும் கொசு கட்டாயமில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் இப்படி ரத்தத்திலிருந்து ரத்தத்துக்கே மாற்றிக்கொண்டு போனால் நாளடைவில் ஆண், பெண் வடிவம் உருவாகும் திறனை அந்தக் கிருமி இழந்துவிடுவது உண்டு. நாம் ஊசி போட்டுக் கடத்தாவிட்டால் அதன் வம்சம் அங்கேயே நின்றுவிடும்.

ராஜா (பெகு)

கல்லீரல் விஷயம் புரிந்தது ஐயா. ஆனாலும் தோட்டத்தை விட்டுக் கிளம்புகிற அன்று வேறு கொசு கடித்திருந்தால்? அது மெதுவாகக் கிளம்பி இப்போது வந்திருக்கலாமே? எதை வைத்து இல்லை என்று சொல்கிறீர்கள்?

சுப்பையா (மோல்மேன்)

இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. ஸ்லைடில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். மரபணுவை ஒப்பிட்டாலும் வைவாக்ஸில் குழப்பம்தான், ஏனென்றால் கல்லீரலில் தூங்கியது போன வருடம் வேறு கொசு போட்டதாகக்கூட இருக்கலாம். எப்படியானாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான், ரத்தத்தையும் சுத்தம் செய்ய வேண்டும், கல்லீரலையும் சுத்தம் செய்ய வேண்டும்.

செல்வி, தம்பி எடை என்ன? மாத்திரை எத்தனை மில்லிகிராம்?

செல்வி (ரங்கூன்)

60 கிலோ இருப்பான் ஐயா. 15 மில்லிகிராம் மாத்திரை, தினம் ஒன்று. இன்று காலையில் சோதனை செய்தோம், மறுபடியும் வைவாக்ஸ்தான். மிச்சமிருக்கிற பிரைமாகுயின் ஒன்பது மாத்திரை பையிலேயே இருக்கிறது, அதைச் சாப்பிட்டால் கணக்கு சரியாகிவிடுமா?

சுப்பையா (மோல்மேன்)

ஆகாது, தயவுசெய்து அதை எடுத்து நீங்களாகக் கொடுக்காதீர்கள். 14 நாளில் 210 மில்லிகிராம் போக வேண்டிய இடத்தில் 75தான் போயிருக்கிறது. இந்த மருந்தில் மொத்த அளவுதான் முக்கியம், ஆனால் அதை ஒரே தொடராகக் கொடுக்க வேண்டும். நம் பகுதிக் கிருமிக்கு இதைவிடக் கூடுதல் அளவும் கொடுக்கிறார்கள், அதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

அதற்கு முன்னால் ஜி6பிடி சோதனை செய்துவிடுங்கள். அந்த நொதி குறைவாக உள்ளவர்களுக்குப் பிரைமாகுயின் சிவப்பணுக்களையே உடைத்துவிடும், பர்மாவில் அது அரிதான குறை இல்லை. ஐந்து நாள் சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லையே என்பது அத்தாட்சி ஆகாது. மருந்து எடுக்கும்போது சிறுநீர் கருத்துப்போனாலோ கண் மஞ்சளானாலோ, உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வயிற்றுப் பிசைவு வேறு, அது வெறும் வயிற்றில் விழுங்குவதால் வருவது, சோறு சாப்பிட்ட கையோடு போட்டால் பெரும்பாலும் அடங்கும்.

மருந்து தொடங்கும் வரை அவரைக் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். வைவாக்ஸில் ஆண், பெண் வடிவங்கள் காய்ச்சலோடேயே ரத்தத்தில் வந்துவிடும். நகர நடுவில் நம்மைக் கடிப்பது பெரும்பாலும் மலேரியா பரப்பாத கொசுக்கள்தான், தவாய்க் காட்டில் பரப்புகிற அனோபிலிஸ் வேறு. இருந்தாலும் வலை போடுவதில் நஷ்டமில்லை.

செல்வி (ரங்கூன்)

ஜி6பிடி சரியாக இருக்கிறதாம், நாளையிலிருந்து முழுத் தொடர் தொடங்குகிறார்கள். இந்தத் தடவை நானே சோறு போட்டு மாத்திரை கொடுக்கிறேன். ஒன்று மட்டும் ஐயா, தூங்குகிறது எதனால் விழிக்கிறது? வேலை, மழையில் நனைவது, இதெல்லாம் காரணமா?

சுப்பையா (மோல்மேன்)

அது இன்னும் யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை. ஃபால்சிபாரம் மலேரியா வந்து குணமான பிறகு வைவாக்ஸ் எழும்புவதை நிறையப் பார்த்திருக்கிறார்கள், அதை வைத்து வேறு காய்ச்சலே எழுப்புகிறதோ என்று சிலர் நினைக்கிறார்கள். மழையில் நனைந்ததால் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. முழுத் தொடர் எடுத்தும் சிலருக்குத் திரும்புவது உண்டு, அதனால் இரண்டு சோதனைச் சீட்டையும் தேதியோடு பத்திரமாக வையுங்கள். ஒரு வருடத்துக்குள் எந்தக் காய்ச்சல் வந்தாலும் அதைக் காட்டி, முதலில் விரலில் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.