நோம்பின்னா பட்டினி இல்லைங்க! நம்ம பக்கத்துச் சொல்லால் நடந்த குழப்பம்

கோபி மருந்துக்கடைக்காரி:
கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு சின்ன மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் வேலை எனக்கு. பிறந்து வளர்ந்ததும் இந்தப் பக்கம்தான். பங்குனி மாசத்தில் ஒருநாள் சர்க்கரை மாத்திரை வாங்க ஒரு அம்மா வந்தார். "வர்ற பொதங்கெழம நோம்பிங்க கண்ணு, மாத்தரைய எப்படிங்க போட்டுக்கறது?" என்று கேட்டார். என்னோடு வேலை செய்யும் தம்பிக்கு மயிலாடுதுறை, இந்த ஊருக்குப் புதுசு. ரொம்ப அக்கறையாகப் பேசுகிற பையன். நோன்பு என்றுதான் அவர் காதில் விழுந்திருக்கிறது. "சாப்பிடாம இந்த மாத்திரையைப் போட்டா சர்க்கரை ஒரேயடியா இறங்கிடும்மா, கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், டாக்டர்கிட்ட சொல்லி அன்னைக்கு மட்டும் நிறுத்திக்கலாம்" என்று விளக்க ஆரம்பித்துவிட்டார். அந்த அம்மாவும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். வெள்ளைக் கோட்டுப் போட்டவர் சொன்னால் நம் ஊர்க்காரர்கள் எதிர்க்கேள்வி கேட்பதில்லை.

நான் குறுக்கே புகுந்து, "ஏனுங்கம்மா, நோம்பியன்னைக்குச் சாப்பிடாமயா இருப்பீங்க?" என்றேன். "நோம்பியும் அதுவுமா ஆராச்சும் பட்டினி கெடப்பாங்களா சாமி? பொங்க வெக்கோணும், மாவெளக்கு எடுக்கோணும், மக்கா நாளு கெடா வெட்டு, மருமகனெல்லாம் வர்றாங்க" என்று சிரித்தார். அவருடைய கவலையே வேறு. சர்க்கரைப் பொங்கலும் வெல்லம் போட்ட மாவிளக்கும் தின்னப்போகிறோமே, மாத்திரையைக் கூட்டிப் போடலாமா என்று கேட்கத்தான் வந்திருக்கிறார். அதாவது கேட்டதற்கு நேர் எதிரான பதில் அவர் கைக்குப் போக இருந்தது. வாய்நிறைய இனிப்புத் தின்கிற நாளில் மாத்திரையையும் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அப்புறம் டாக்டரிடம் அனுப்பினோம். மாத்திரை எப்போதும் போல, கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம், மாவிளக்கு ஒரு வாய் மட்டும் என்று அவர் சொல்லி அனுப்பினார்.

வேற மாவட்டத்திலிருந்து இங்கே வந்து வேலை செய்கிறவர்களுக்கு இந்த மாதிரி நடந்திருக்கிறதா? எழுதுங்கள்.

தஞ்சாவூர் மீனா:
காரடையான் நோன்பு மாசி முடிந்து பங்குனி பிறக்கிற நேரத்தில் வரும். அன்றைக்கு அடை தட்டி வெண்ணெயோடு படைத்து, சரடு கட்டிக்கொண்ட பிறகுதான் சாப்பிடுவோம். சர்க்கரை இருக்கிறவர்கள் உப்பு அடை மட்டும் சாப்பிடலாமே?

கோபி மருந்துக்கடைக்காரி:
மீனாக்கா, நீங்க சொல்றது வேற. இங்கே நோம்பி என்றால் பண்டிகைதான். பொங்கல் நோம்பி, தீவாளி நோம்பி, ஆடி நோம்பி, ஊர் மாரியாத்தா நோம்பி. எல்லாமே வயிறு நிறையச் சாப்பிடுகிற நாள்கள்.

ஈரோடு ரஃபீக்:
என் கதை இதற்குத் தலைகீழ். எங்கள் வீட்டில் ரம்ஜான் மாசத்தில் பிடிப்பது நோம்பு, குடிப்பது நோம்புக் கஞ்சி. பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சுப் பையன்கள் கிராமத்திலிருந்து வருகிறவர்கள். "எனக்கு நோம்புடா, தண்ணிகூடக் குடிக்கக் கூடாது" என்று சொன்னால், "நோம்பிக்கு எதுக்குடா பட்டினி, உங்க வீட்டுல சோறு ஆக்கலயா?" என்று நிஜமாகவே பாவப்பட்டுக் கேட்பார்கள். ஒருத்தன் டிபன் பாக்ஸைத் திறந்து என் பக்கம் தள்ளியேவிட்டான். கடைசி எழுத்து 'பு'வா 'பி'யா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று எனக்குப் புரிய ரொம்ப நாளானது.

சத்தி மலைக்காரன்:
இது கன்னடத்திலிருந்து வந்த சொல். அங்கே நோம்பி என்று அப்படியே இருக்கிறது. சத்தியமங்கலம் தாண்டினால் கன்னடம்தானே. நம்ம ஆட்கள் எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

பெருந்துறை வாத்தியார்:
தம்பி சொல்வதில் பாதி சரி. கன்னடத்தில் நோம்பி உண்டு, ஆனால் அங்கே அது விரதம். சமணர்கள் எடுக்கும் விரதத்துக்கு அந்தப் பெயர். அங்கேயும் பண்டிகை என்ற பொருள் இல்லையே. அப்படியிருக்க, பொருளை நாம் எங்கிருந்து கடன் வாங்கினோம்? தெலுங்கில் நோமு, மலையாளத்தில் நோம்பு, எல்லாம் விரதம்தான். அடிச்சொல்லுக்குப் பொறுத்துக்கொள்வது என்று பொருள். "உற்றநோய் நோன்றல்" என்று குறளிலேயே வருகிறது.

பொருள் மாறியதற்குக் காரணம் நம்ம ஊர் மாரியம்மன் நோம்பியைக் கிட்ட இருந்து பார்த்தால் தெரியும். எங்கள் ஊரில் முதலில் பூச்சாட்டு. அதைத்தான் "நோம்பி சாட்டியாச்சு" என்கிறோம். சாட்டிய பிறகு கறி ஆக்க மாட்டோம், வீட்டில் தாளிப்பதுகூடக் கிடையாது, வெளியூர் போனாலும் ராத்திரி தங்காமல் திரும்பிவிட வேண்டும், கல்யாணம் காட்சி வைப்பதில்லை. மூன்று கவராகப் பிரிந்த மரக்கிளையை வெட்டி வந்து கோயில் முன்னால் கம்பம் நடுவார்கள். பெண்கள் விடியக்காலம் குளித்து மஞ்சள் தண்ணியும் வேப்பிலையுமாக அதற்கு ஊற்றுவார்கள், ராத்திரி அதைச் சுற்றி ஆட்டம். இத்தனை நாள் கட்டுப்பாடு எல்லாம் கடைசியில் மாவிளக்கு, பொங்கல், கெடா வெட்டு, மஞ்சள் நீர் என்று அவிழும். மொத்தத்துக்கும் பெயர் நோம்பி. முன்பாதி விரதம், பின்பாதி விருந்து. வெளியூரிலிருந்து வரும் சொந்தக்காரருக்கு அந்தப் பின்பாதி மட்டும்தான் கண்ணில் படும். அதுவே சொல்லுக்குப் பொருளாகிவிட்டது என்று நான் நினைக்கிறேன்.

கரூர் பாலு:
ஐயா சொல்வது மாரியாத்தா நோம்பிக்குப் பொருந்துகிறது. தீவாளிக்கு? அதற்கு நாம் ஒரு நாளும் தாளிக்காமல் இருந்ததில்லையே. அதை ஏன் தீவாளி நோம்பி என்கிறோம்?

பெருந்துறை வாத்தியார்:
ஊர் நோம்பிதான் மூத்தது, அதன் பெயர் மற்றதற்கும் பரவியிருக்கும். இது என் ஊகம்தான், எழுத்தில் காட்டு என்றால் என்னிடம் இல்லை. பொங்கலுக்குக்கூட முதல் நாள் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ வைத்துக் காப்புக் கட்டுகிறோமே, அதில் கொஞ்சம் நோன்பு வாசனை இருக்கிறது. தீபாவளிக்கு அதுவும் இல்லை. நீங்கள் கேட்டது நல்ல கேள்வி.

சத்தி மலைக்காரன்:
உச்சரிப்பு கன்னடம்தான் என்பதில் எனக்கு இன்னும் சந்தேகமில்லை. நோம்பு நோம்பியாக வேறு எப்படி மாறும்?

மயிலாடுதுறை தம்பி:
அக்கா சொன்ன அந்தக் கவுன்ட்டர் தம்பி நான்தான். ஒன்று கேட்க வேண்டும். நோம்பி பண்டிகை என்றால், நிஜமாகவே சாப்பிடாமல் இருக்கும் நாளை இங்கே என்னவென்று சொல்வார்கள்? நாளைக்கு யாராவது அதைச் சொன்னால் எனக்குப் பிடிபட வேண்டுமே.

கோபி மருந்துக்கடைக்காரி:
ஒருசந்தி என்பார்கள் தம்பி. புரட்டாசிச் சனிக்கிழமை வந்தால் நிறையக் கேட்பாய். "இன்னைக்கு ஒருசந்திங்க" என்றால் ஒருவேளைச் சாப்பாடுதான். அப்போது நீ சொன்ன எச்சரிக்கை அத்தனையும் சரி. வெரதம் என்றாலும் அதேதான். ஆனால் ஒருசந்தியிலும் ஆளுக்கு ஒரு வழக்கம். சிலர் காலையில் காப்பித்தண்ணி குடிப்பார்கள், சிலர் மதியம் பூசை முடிகிற வரை பச்சைத்தண்ணிகூடத் தொடமாட்டார்கள். அதனால் பெயரைக் கேட்டதும் முடிவு செய்யாதே. "காலைல என்ன சாப்புடுவீங்க, பொழுதோட என்ன சாப்புடுவீங்க" என்று வேளை வேளையாகக் கேட்டுவிடு. பொழுதோட என்றால் சாயங்காலம், அதையும் குறித்துக்கொள்.

திருச்செங்கோட்டுக் கவிதா:
எங்க பக்கமும் நோம்பிதாங்க. என் வீட்டுக்காரருக்கு மதுரை. கல்யாணமான புதுசில் எங்கம்மா போனில் "நோம்பிக்கு வந்துருங்க மாப்ள" என்றதும், கோயிலில் ஏதோ விரத பூஜை போல என்று நினைத்து, காலையிலிருந்து பச்சைத்தண்ணி குடிக்காமல் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தார். வந்து இறங்கியதும் இலை போட்டுக் கறிச்சோறு வைத்தால், மனுஷன் என்னையும் இலையையும் மாறி மாறிப் பார்க்கிறார். சேலம் பக்கம் எப்படிச் சொல்வீர்கள்? ஆத்தூர்க்காரர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.