4,000 பதிவுகளில் 90 மட்டும் போதுமா?

புதிய பயிற்சி ஊழியர்: நாங்கள் தணிக்கை செய்யும் நிறுவனத்தில் கடனாளிகள் நிலுவை மொத்தம் 60,00,000, பதிவுகள் 4,000. அவற்றில் 90 பார்த்தால் போதும் என்கிறார் எங்கள் மேலாளர். இந்த 90 எங்கிருந்து வந்தது?

ஏட்டுப்புழு: குறைந்தது பத்து சதவீதமாவது பார்க்க வேண்டும், அதாவது 400. தவறுகளைத் தடுக்க நிறுவனம் வைத்திருக்கும் உள்கட்டுப்பாடு பலவீனமாக இருந்தால் அதற்கும் மேல். 90 என்பது நேரத்தை மிச்சப்படுத்தும் கணக்கு.

நிறைகோல்: கட்டுப்பாடு பலவீனமானால் மாதிரியாக எடுத்துப் பார்க்கும் பதிவுகள் பெருக வேண்டும் என்பது சரி, பத்து சதவீதத்துக்கு அடிப்படையே இல்லை. 2,00,000 வரையிலான பிழையைப் பொறுக்கலாம் என்றும், அதைத் தாண்டிய பிழை கண்ணில் படாமல் போகும் வாய்ப்பு 5 சதவீதமே இருக்கலாம் என்றும் மேலாளர் முடிவு செய்திருப்பார். அந்த 5 சதவீதத்துக்கு வகுக்க வேண்டிய எண், அதாவது காரணி, 3. 2,00,000ஐ மூன்றால் வகுத்தால் 66,667. தொகைகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டே போய், ஒவ்வொரு 66,667 வரும் இடத்திலும் நிற்கும் பதிவை எடுத்தால் 90 தேர்வுகள் கிடைக்கும். அந்த இடைவெளியைவிடப் பெரிய நிலுவை எதுவும் தப்பாது. பதிவுகள் 40,000 ஆக இருந்து மொத்தம் இதே 60,00,000 என்றாலும் விடை 90தான்.

ஆனால் பிழையே வராது என்று எதிர்பார்த்துப் போட்ட கணக்கு இது. 40,000 என எழுதிய ஒரு நிலுவை உண்மையில் 30,000 என்று தெரிந்தால், அந்த 25 சதவீதப் பிழையை இடைவெளி முழுவதற்கும் ஏற்ற வேண்டும்: 16,667. மாதிரியின் நிச்சயமின்மையையும் சேர்த்தால் பிழையின் மேல்வரம்பு ஏறத்தாழ 2,29,000 ஆகிவிடும். பொறுக்கலாம் என்ற 2,00,000 வரம்பு உடைந்துவிட்டது. கிடைத்த 10,000ஐ மட்டும் திருத்திவிட்டு ‘தனிப்பட்ட தவறு’ என்று மூடிவிடுவதைத்தான் நான் கடுமையாக எதிர்க்கிறேன். காரணத்தைத் தேட வேண்டும், மாதிரியை விரிவாக்க வேண்டும்.

பேரேடு: நான் வேலை பார்த்த இடத்தில், இல்லாத ஒரு சப்ளையரின் பெயரில் இரண்டு ஆண்டுகள் பணம் போனது. தணிக்கையாளர்கள் மாதிரி எடுத்துத்தான் பார்த்தார்கள். எல்லாவற்றையும் பார்த்திருந்தால் பிடிபட்டிருக்கும் அல்லவா?

நிறைகோல்: பிடிபட்டிருக்கும் என்று சொல்ல முடியாது. போலி பில்லும் கையொப்பமும் ஒழுங்காக இருந்தால், அந்தப் பதிவைக் கையில் எடுத்தவரும் சரி என்றே குறித்திருப்பார். சப்ளையர்களின் வங்கிக் கணக்கு எண்களை ஊழியர்களின் எண்களோடு முழுமையாக ஒப்பிடுவது போன்ற வேறு சோதனைதான் அங்கே வேண்டும்.

ஏட்டுப்புழு: பத்து சதவீதத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் கட்டுப்பாடு நன்று என்று சொல்லி 5 சதவீதத்தை 10 ஆக்கினால் காரணி 2.3 ஆகி, மாதிரி 69 ஆகச் சுருங்கிவிடுகிறதே. அந்த ‘நன்று’ ஒருவருடைய கணிப்புதானே?

நிறைகோல்: ஆம், கணிப்புதான். கட்டுப்பாடு ஆண்டு முழுவதும் செயல்பட்டதா என்று தனியே சோதித்த பிறகே அப்படிக் குறைப்பேன். அப்படிச் சோதித்த பின்னும் எவ்வளவு குறைக்கலாம் என்பதில் என் அலுவலகத்திலேயே இருவர் ஒத்துப்போவதில்லை.