ஒரே அரையாண்டுல ரெண்டு தடவ தொழில் வரி புடிச்சிட்டாங்க, என்ன பண்றது?

ஓஎம்ஆர்வாசி: ஆகஸ்ட் சம்பளத்துல 1250 தொழில் வரி புடிச்சாங்க, இப்ப புது கம்பெனி செப்டம்பர்லயும் 1250 புடிச்சிருக்கு. திரும்ப வாங்க முடியுமா? அவசரம்.

பெங்களூர் மணி: எனக்கு மாசம் 200 தான் புடிக்கிறாங்க ப்ரோ, உங்க பேரோல்ல ஏதோ தப்பு.

கணக்குப்பிள்ளை: மணி, அது கர்நாடகா, மாநில அரசுக்குப் போற வரி. தமிழ்நாட்டுல உள்ளாட்சி வாங்குது, ஏப்ரல்-செப்டம்பர், அக்டோபர்-மார்ச்னு ரெண்டு தவணை. கேட்டவரே, ரெண்டு ஆபீஸும் எங்க? ஓஎம்ஆர்னு சொன்னா ஒண்ணும் புரியாது. கேக்குறதுக்கு முன்னாடி இதெல்லாம் எழுதணும்னு எத்தன தடவ சொல்றது.

ஓஎம்ஆர்வாசி: பழசு சோழிங்கநல்லூர், புதுசு சிறுசேரி. ஆகஸ்ட் கடைசில மாறினேன்.

ராஜி: அரசியலமைப்புல வருஷத்துக்கு 2500 தான் உச்சவரம்பு. நீங்க அதைக் கட்டியாச்சு, அதனால ஜனவரில புடிச்சா குடுக்காதீங்க.

கணக்குப்பிள்ளை: பாதி சரி. 276-ஆவது பிரிவு சொல்றது ஒரு உள்ளாட்சிக்கு 2500ன்னு. சோழிங்கநல்லூர் சென்னை மாநகராட்சி, சிறுசேரி ஊராட்சி, அதனால உச்சவரம்ப வச்சு வாதாட முடியாது. உங்களுக்கு உதவுறது வேற விதி: அதே அரையாண்டுக்கு தமிழ்நாட்டுல ஒரு உள்ளாட்சிக்குக் கட்டினத நிரூபிச்சா, வேலை இடம் மாறின ஒரே காரணத்துக்காக இன்னொரு உள்ளாட்சி கேக்கக் கூடாது. ஆனா சம்பளச் சீட்டு காட்டுறது புடிச்சதத்தான், கட்டினத இல்ல. பழைய கம்பெனிகிட்ட மாநகராட்சி ரசீது நகல் கேளுங்க. புது கம்பெனி இன்னும் கட்டலன்னா பேரோல்லயே திருப்பிடலாம், கடைசி நாள் செப்டம்பர் 30. கட்டிட்டா ஊராட்சி ஆபீஸுக்கு அலையணும், அது எப்ப முடியும்னு நான் சொல்ல மாட்டேன்.

தெருவிளக்கு: ரோடே இல்லாத ஊருக்கு எதுக்கு 1250?

ராஜி: அந்த ஊராட்சிக்கு ஐடி கம்பெனிங்க இல்லன்னா வேற என்ன வருமானம் இருக்கு? 2500ங்கறது 1988ல வச்சது, இன்னும் ஏத்தல. சொத்து வரிய ஏத்துனா ஓட்டு போயிடும்னு பயம், சென்னைல 1998க்கு அப்புறம் 2022ல தான் ஏத்துனாங்க. தொழில் வரின்னா கம்பெனியே புடிச்சுக் கட்டிடும், வீடு வீடா போய் நிக்க வேணாம்.

தெருவிளக்கு: அதுக்குத்தான் சினிமா டிக்கெட்லயும் கை வச்சாங்க. 2017ல ஜிஎஸ்டி வந்தும் கேளிக்கை வரிய விடல, தியேட்டரையே மூடினாங்க ஞாபகம் இருக்கா.

கணக்குப்பிள்ளை: உள்ளாட்சி வசூலிக்கிற கேளிக்கை வரிய மட்டும் ஜிஎஸ்டி விட்டு வச்சுது, அதான் அது தப்பிச்சுது. 30 சதவீதம் வச்சதுக்குத்தான் சண்டை, அப்புறம் கொறச்சாங்க. தலைப்புக்கு வாங்க.

ஓஎம்ஆர்வாசி: ஹெச்ஆர் இன்னும் கட்டலையாம், ரசீது குடுத்தா அடுத்த சம்பளத்துல போட்டுடுவாங்களாம். பழைய கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கேன், பதிலே இல்ல.

பெங்களூர் மணி: அவங்க புடிச்சிட்டு கட்டவே இல்லன்னா?